மருத்துவமனைப் பில்லும் நமது மனுவும்

(கல்விக் கழக வெள்ளி விழாவின் இளைஞர் அரங்கில் தலைமையாசிரியர் ஆற்றிய உரை)



கழகத்தின் இருபத்தைந்தாம் ஆண்டு விழாவில் கல்வியைப் பற்றிப் பேசுமாறு நம்மைப் பணித்தார்கள். கல்வி என்பது தேர்வில் தேறுவதோடு முடிவதில்லை. படித்தவன் ஒருவன் நம் தெருவில் இருக்கிறான் என்றால், தெருவுக்கு வந்த துன்பத்தில் அவன் படிப்பு எவ்விதம் பயன்பட்டது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. ஆகவே, நம் கழகத்தார் எழுதிய ஒரு மனுவைப் பற்றியே இன்று பேசக் கருதுகிறோம். தனியார் மருத்துவமனை ஒன்று கூடுதலாகப் பெற்ற பணத்தைக் குறித்து, விவரப் பில்லையும் உள்நோயாளிக் குறிப்பேட்டையும் இணைத்துச் சுகாதாரத் துறைக்கு எழுதிய மனு அது. அம்மருத்துவமனையின் பெயர் இங்கு வேண்டியதில்லை. அந்தக் குடும்பத்தின் பெயரும் வேண்டியதில்லை. அவர்கள் இந்தக் கூட்டத்தில்தான் அமர்ந்திருக்கிறார்கள்.

2023ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் நம் தெருவைச் சேர்ந்த செங்கற்சூளைத் தொழிலாளி ஒருவருக்குக் கடுங்காய்ச்சல் கண்டது. எட்டாம் நாள் இரவு மூச்சுத் திணறலும் சேர்ந்துகொள்ளவே, அருகிலிருந்த நகரத்தின் தனியார் மருத்துவமனையில் சேர்த்தார்கள். டெங்குக் காய்ச்சல் என்றார்கள். பதின்மூன்றாம் நாள் முற்பகல் குணமடைந்து வீடு திரும்பினார். மருத்துவர்கள் உயிரைக் காத்தார்கள். அந்த நன்றியை முதலில் சொல்லிவிடுகிறோம். ஆனால் புறப்படும் வேளையில் ஆறே வரிகள் கொண்ட ஒரு தாளைக் கொடுத்து, மொத்தம் ரூ. 66,680 கட்டச் சொன்னார்கள். அவர் மனைவி தாலிச் சங்கிலியையும் தோட்டையும் அடகு வைத்து, மீதிக்குச் சூளை முதலாளியிடம் முன்பணம் வாங்கிக் கட்டினார். சூளையில் முன்பணம் வாங்குவதன் பொருள் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த பருவம் முழுவதும் கணவனும் மனைவியும் அந்தச் சூளையை விட்டு வேறிடம் போக முடியாது என்பதே அதன் பொருள்.

விவரம் கேட்டீர்களா என்று அந்த அம்மையாரை வினவினோம். "எங்க சார் கேக்கறது? எந்தத் தெருன்னு ரெண்டு தடவ கேட்டாங்க. அதுக்கப்புறம் எனக்கு வாயே வரல" என்றார். கேட்டால் அவமானம் நேரும் என்ற அச்சம் நம் மக்களின் வாயைக் கட்டுகிறது. அந்த மௌனத்திற்கும் சேர்த்தே பல இடங்களில் நாம் விலை கொடுத்து வருகிறோம்.

நம் இளைஞர்கள் கொதித்தெழுந்து அன்றிரவே ஒரு மனு எழுதினார்கள். அக்டோபர் 30ஆம் நாள் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் அதை மாவட்ட ஆட்சியரிடம் கொடுத்தார்கள். அம்மனுவில் 'பகற்கொள்ளை', 'ஏழைகளின் இரத்தம்' போன்ற சொற்கள் நிறைய இருந்தன. எந்த இனத்தில் எவ்வளவு கூடுதல் என்ற கணக்கு மட்டும் இல்லை. ஆட்சியர் அலுவலகம் அதை உரிய துறைக்கு அனுப்பியது. துறை மருத்துவமனையிடம் விளக்கம் கேட்டது. 'அளித்த சிகிச்சைக்கு உரிய கட்டணமே பெறப்பட்டது' என்று மருத்துவமனை எழுதிக் கொடுத்தது. அவ்வளவில் மனு முடிக்கப்பட்டதாக நமக்குப் பதில் வந்தது. இளைஞர்கள் அதிகாரிகளைக் குறை கூறினார்கள். நாம் அந்த மனுவின் நகலை எடுத்து வைத்து, இதைப் படிக்கும் அதிகாரி வேறு என்ன செய்திருக்க முடியும் என்று அவர்களைக் கேட்டோம். ஒருவரும் விடை சொல்லவில்லை.

இங்கு ஓர் அடிப்படையைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். கட்டணம் அதிகம் என்பது வேறு. கட்டணம் கூடுதலாகப் பெறப்பட்டது என்பது வேறு. தனியார் மருத்துவமனை ஓர் அறைக்கு நாள் வாடகை இவ்வளவுதான் வாங்கலாம் என்று எல்லாருக்கும் பொதுவான உச்சவரம்பு நம் மாநிலத்தில் இல்லை. கொரோனாக் காலத்தில், 2020ஆம் ஆண்டு ஜூன் மாதம், அரசு அத்தகைய வரம்பை அந்த நோய்க்கு மட்டும் விதித்தது. தீவிரச் சிகிச்சைப் பிரிவுக்கு நாளொன்றுக்கு ரூ. 15,000க்கு மேல் பெறலாகாது என்றது. அது ஒரு பேரிடர்க் கால ஏற்பாடு. மற்ற நோய்களுக்கு, மருத்துவமனை தன் கட்டணத்தைத் தானே வைத்துக்கொள்கிறது. ஆகவே 'ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய் வாடகை அநியாயம்' என்று நாம் எழுதினால், அது நம் மன வருத்தமாகுமே தவிரக் குற்றச்சாட்டு ஆகாது.

அப்படியானால் கூடுதல் என்பது யாது? கொடுக்காத பொருளுக்கும் செய்யாத பணிக்கும் பணம் பெறுவது கூடுதல். ஒரே நாளுக்கு இருமுறை பெறுவது கூடுதல். தாங்களே அறிவித்த கட்டணத்திற்கு மேல் பெறுவது கூடுதல். மருந்தின் மேலுறையில் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலைக்கு மேல் பெறுவது கூடுதல். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனை, அத்திட்டத்தில் அடங்கிய சிகிச்சைக்கு நோயாளியிடம் பணம் பெறுவதும் கூடுதல். இவை ஐந்தும் தாள்களைக் கொண்டு மெய்ப்பிக்கத்தக்கவை. நாம் சொல்லும் மருத்துவமனை காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்ததன்று. ஆகையால் அந்த வழி நமக்கு இல்லாமற் போயிற்று. உங்களிடம் காப்பீட்டு அட்டை இருக்குமானால், சேர்க்கும்போதே 1800 425 3993 என்ற கட்டணமில்லாத் தொலைபேசியில் அழைத்து, அந்த மருத்துவமனை திட்டத்தில் உள்ளதா, அந்தச் சிகிச்சை அடங்குமா என்று கேட்டுவிடுவது நல்லது.

இனி, மெய்ப்பிப்பது எவ்வாறு? இரண்டு தாள்கள் வேண்டும். ஒன்று விவரப் பில். நாள்வாரியாக, இனவாரியாக, எண்ணிக்கையும் வீதமும் காட்டுவது. மற்றொன்று, நோயாளியைச் சேர்த்த நேரம் முதல் அனுப்பிய நேரம் வரை எழுதப்பட்ட உள்நோயாளிக் குறிப்பேடு. அதைக் 'கேஸ் ஷீட்' என்பார்கள். முதலாவது, மருத்துவமனையின் கணக்கர் எழுதியது. இரண்டாவது, அதே மருத்துவமனையின் மருத்துவரும் செவிலியரும் எழுதியது. இவ்விரண்டும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாத இடத்தில் நாம் எதையும் வாதாட வேண்டியதில்லை. அவர்கள் கையெழுத்தே அவர்கள் கணக்கை மறுக்கிறது. இந்த ஒரு கருத்தை மட்டும் இன்று நீங்கள் வீட்டுக்கு எடுத்துச் சென்றாலும் போதும்.

கேஸ் ஷீட்டின் நகலைத் தருவார்களா என்று ஐயுற வேண்டாம். இந்திய மருத்துவக் கழகத்தின் 2002ஆம் ஆண்டு ஒழுக்க விதிமுறைகளின்படி, நோயாளியோ அவரிடம் அதிகாரம் பெற்றவரோ கேட்டால், 72 மணி நேரத்திற்குள் ஆவணங்களை வழங்க வேண்டும். உள்நோயாளியின் ஆவணங்களை மூன்றாண்டுகள் காத்து வைக்கவும் வேண்டும். ஆனால் கேட்பவர் நோயாளியாக இருத்தல் வேண்டும். கழகத்தின் முத்திரைத் தாளில் நாம் கேட்டால் அவர்கள் மறுப்பது சரியே. பிறருடைய நோய்க்குறிப்பை அயலார்க்குத் தரலாகாது. எனவே நோயாளியே கையொப்பமிட்டு, 'இக்கடிதம் கொண்டு வரும் என் மனைவியிடம் என் விவரப் பில்லையும் கேஸ் ஷீட்டின் முழு நகலையும் வழங்க வேண்டுகிறேன்' என்று எழுதினார். இரண்டு படிகள் எடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பமும் நாளும் நேரமும் வாங்கச் சொன்னோம். வரவேற்பில் இருந்தவர் கையொப்பமிட மறுத்தார். உடனே திரும்பி வந்து, அதே கடிதத்தை ஒப்புகையுடன் விரைவு அஞ்சலில் அனுப்பினோம். ஐந்தாம் நாள் மருத்துவமனையிலிருந்தே தொலைபேசியில் அழைத்து நகல்களைக் கொடுத்தார்கள். பில் மூன்று தாள். கேஸ் ஷீட் நாற்பத்தொரு தாள்.

நாற்பத்தொரு தாளும் ஆங்கிலத்தில், அவசரக் கையெழுத்தில், சுருக்கெழுத்துப் போன்ற சொற்களில் இருந்தன. பி.ஏ., பி.எட். படித்த நமக்கே தலை சுற்றியது. நம் கழகத்தின் உதவித்தொகையில் செவிலியர் படிப்புப் படிக்கும் பெண் ஒருத்தி விடுமுறைக்கு வந்திருந்தாள். அவள் இரண்டு மாலை நேரம் உட்கார்ந்து வாசித்துக் காட்டினாள். முதலில் ஒவ்வொரு தாளின் மேல்மூலையிலும் 1 முதல் 41 வரை எண்ணிட்டோம். பிறகு அவள் நான்கு பகுதிகளைப் பிரித்துக் காட்டினாள். சேர்க்கைத் தாளில் வந்த நேரம் இருக்கும். மருத்துவர் குறிப்பில் ஒவ்வொரு முறை பார்த்ததும் நேரமும் கையொப்பமும் இருக்கும். மருந்து அட்டவணையில் ஒவ்வொரு முறை மருந்து செலுத்தியதும் ஒரு குறியும் செவிலியரின் சுருக்கொப்பமும் இருக்கும். செவிலியர் குறிப்பில் பிராணவாயு வைத்த நேரம், எடுத்த நேரம், வார்டு மாற்றிய நேரம் ஆகியவை இருக்கும். மருத்துவம் தெரியாதவரும் இவற்றை எண்ணிவிடலாம். எண்ணுவதற்கு எண்ணத் தெரிந்தால் போதும்.

இனிக் கணக்குக்கு வருவோம். கரும்பலகை இருந்தால் எழுதிக் காட்டியிருப்போம். இல்லாததால் மெதுவாகச் சொல்கிறோம்.

முதலாவது, நாட்கணக்கு. சேர்க்கைத் தாளின்படி அவர் சேர்ந்தது 8ஆம் நாள் இரவு 10.40. வீடு திரும்பியது 13ஆம் நாள் முற்பகல் 11.00. இடைப்பட்டது நான்கு முழு நாட்களும் பன்னிரண்டு மணி இருபது நிமிடமும் ஆகும். அம்மருத்துவமனையின் வரவேற்பில் தொங்கும் கட்டணப் பலகையில், 'சேர்ந்த நேரத்திலிருந்து 24 மணி நேரம் ஒரு நாள்' என்று எழுதியிருந்தார்கள். குறைப்பட்ட நாளையும் முழு நாளாகக் கொண்டால் ஐந்து நாட்கள் வரும். பில்லில் இருந்ததோ ஏழு நாட்கள்! காரணத்தைத் தேடினோம். கணக்கர் நாட்காட்டித் தேதியை எண்ணியிருக்கிறார். 8, 9, 10 ஆகிய மூன்று தேதிகளும் தீவிரச் சிகிச்சைப் பிரிவு. 10, 11, 12, 13 ஆகிய நான்கு தேதிகளும் பொது வார்டு. இரவு பத்தே முக்காலுக்குச் சற்று முன் வந்தவருக்கு அந்த எட்டாம் நாள் முழுவதையும் எழுதினார். பத்தாம் நாளை இரண்டு பிரிவிலும் எழுதினார்.

செவிலியர் குறிப்பின்படி, தீவிரச் சிகிச்சைப் பிரிவிலிருந்து பொது வார்டுக்கு மாற்றியது 10ஆம் நாள் காலை 9.30. அதாவது அப்பிரிவில் இருந்தது 34 மணி 50 நிமிடம்; இரண்டு நாட்கள் என்று கொள்ளலாம். எஞ்சிய மூன்று நாட்கள் பொது வார்டு. ஆகவே தீவிரச் சிகிச்சைப் பிரிவில் ஒரு நாளுக்கு ரூ. 6,500, வார்டில் ஒரு நாளுக்கு ரூ. 1,200, நாளொன்றுக்கு ரூ. 500 வீதம் செவிலியர் கட்டணத்தில் இரண்டு நாட்களுக்கு ரூ. 1,000, ஆக ரூ. 8,700 கூடுதல். வாடகை வீதத்தைப் பற்றி நாம் ஒரு சொல்லும் எழுதவில்லை என்பதைக் கவனியுங்கள். அவர்கள் வீதம், அவர்கள் பலகை, அவர்கள் குறிப்பு. கூட்டல் மட்டுமே நம்முடையது.

இரண்டாவது, பிராணவாயு. மணிக்கு ரூ. 150 வீதம் 30 மணி நேரத்திற்கு ரூ. 4,500 எழுதியிருந்தார்கள். செவிலியர் குறிப்பில் 8ஆம் நாள் இரவு 11.15க்கு வைத்தது என்றும், 9ஆம் நாள் காலை 10.15க்கு எடுத்தது என்றும் இருந்தது. அதன் பின்னர் ஒவ்வொரு முறையும் 'சாதாரணக் காற்றில் மூச்சு நன்றாக உள்ளது' என்ற பொருள்படும் குறிப்பே இருந்தது. பதினொரு மணி நேரத்திற்கு ரூ. 1,650 போக, கூடுதல் ரூ. 2,850.

மூன்றாவது, மருத்துவர் பார்வைக் கட்டணம். முறைக்கு ரூ. 700 வீதம் 14 முறைக்கு ரூ. 9,800. கேஸ் ஷீட்டில் நாம் எண்ணியது ஒன்பது கையொப்பங்கள். ஐந்துக்கு ரூ. 3,500 கூடுதல்.

நான்காவது, மருந்து. ஓர் ஊசி மருந்து, புட்டி ரூ. 320 வீதம் பத்துப் புட்டி என்று மருந்துக் கடை பில்லில் இருந்தது. மருந்து அட்டவணையில் ஆறு குறிகளே இருந்தன. எஞ்சிய நான்கு புட்டிகள் வீட்டுக்கும் தரப்படவில்லை. கடைக்குத் திருப்பியதாகவும் வரவு இல்லை. ஆக ரூ. 1,280.

நான்கையும் கூட்டினால் ரூ. 16,330.

இங்கே நம் இளைஞர்களோடு நமக்கு ஒரு வாக்குவாதம் நேர்ந்தது. பில்லில் அறுபது இணை கையுறை என்று இருந்தது. 'அறுபதா? இதையும் எழுதுங்கள் சார்' என்றார்கள். கையுறை எத்தனை மாற்றினார்கள் என்பதற்குக் கேஸ் ஷீட்டில் குறிப்பு இராது. நமக்கு ஐயம் இருந்தது; ஆதாரம் இல்லை. விட்டுவிடுங்கள் என்றோம். மற்ற மருந்துகள் வெளிக்கடையில் மலிவாகக் கிடைக்கும் என்றான் ஒருவன். மேலுறையின் விலைக்குள் விற்றிருந்தால் அது கூடுதல் ஆகாது, அதையும் விட்டோம். ஆதாரமற்ற ஒரு குற்றச்சாட்டு, ஆதாரமுள்ள நான்கையும் கெடுத்துவிடும். அதிகாரி முதலில் புரட்டுவது நம் மனுவின் மிக வலுவற்ற பகுதியைத்தான். மருத்துவமனை பதில் சொல்வதும் அதற்குத்தான்.

இன்னொரு வாக்குவாதம் இதனினும் கடுமையானது. 'எந்தத் தெரு என்று கேட்டார்களே, அதை ஏன் எழுதவில்லை?' என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியின் வலியை நாம் அறியாதவர்கள் அல்லர். ஐம்பது ஆண்டுகளாக அந்தக் கேள்வியைக் கேட்டுக் கொண்டேதான் நாமும் வந்திருக்கிறோம். ஆனால் சாதி இழிவு நேர்ந்திருக்குமானால், அதற்கு 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் உண்டு. சொன்ன சொல், சொன்னவர், இடம், சாட்சி ஆகியவற்றோடு காவல் நிலையத்தில் தனியே கொடுக்க வேண்டிய புகார் அது. அதைப் பில் கணக்கோடு கலந்தால், சுகாதாரத் துறை 'இது எம் வரம்பில் இல்லை' என்று இரண்டையும் சேர்த்தே ஒதுக்கிவிடக் கூடும். ஒரு மனுவுக்கு ஒரு பொருள். அந்த அம்மையாரைக் கேட்டோம். "முதல்ல நகைய மீட்டுக் குடுங்க சார்" என்றார். முடிவு செய்ய வேண்டியவர் அவரே.

மனுவை யாருக்கு அனுப்புவது? சுகாதாரத் துறை என்று பொதுவாகச் சொல்கிறோம். கொசு ஒழிப்பையும் தடுப்பூசியையும் பார்க்கும் பொதுச் சுகாதாரப் பிரிவு வேறு. தனியார் மருத்துவமனைகளுக்குப் பதிவுச் சான்று வழங்கி அவற்றைக் கண்காணிப்பவர் மாவட்ட மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநர் ஆவார். 1997ஆம் ஆண்டு தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டமும், அதன்கீழ் 2018இல் வந்த விதிகளும் அதற்கு வழி செய்கின்றன. பதிவில்லாமல் மருத்துவமனை நடத்த முடியாது என்பதால், அப்பதிவை வழங்குபவரின் கடிதத்திற்கு மதிப்புண்டு. முதல் மனு பல மேசைகளைச் சுற்றி வந்தது. இரண்டாம் மனுவை நேரே அவருக்கே அனுப்பி, நகலைச் சென்னையிலுள்ள மருத்துவ மற்றும் ஊரக நலப்பணிகள் இயக்குநருக்கும், மாவட்ட ஆட்சியருக்கும் அனுப்பினோம்.

மனு ஒன்றரைப் பக்கமே. அதன் உடற்பகுதியை அப்படியே வாசிக்கிறோம்:

"ஐயா, நான் மேற்கண்ட மருத்துவமனையில் 8.10.2023 இரவு 10.40 முதல் 13.10.2023 முற்பகல் 11.00 வரை உள்நோயாளியாகச் சிகிச்சை பெற்றேன். என்னிடம் ரூ. 66,680 பெறப்பட்டது (இணைப்பு 1). மருத்துவமனை அளித்த விவரப் பில்லையும் (இணைப்பு 2) கேஸ் ஷீட்டையும் (இணைப்பு 3) ஒப்பிட்டதில், கீழ்க்கண்ட நான்கு இனங்களில் ரூ. 16,330 கூடுதலாகக் காணப்படுகிறது. ஒவ்வொன்றுக்கும் பில்லின் வரிசை எண்ணும் கேஸ் ஷீட்டின் பக்க எண்ணும் குறித்துள்ளேன். கட்டணப் பலகையின் புகைப்படம் இணைப்பு 4. சிகிச்சையின் தரம் குறித்து எனக்கு முறையீடு இல்லை. மருத்துவமனையின் அசல் ஆவணங்களைத் தருவித்து ஆராய்ந்து, கூடுதல் தொகையை எனக்குத் திருப்பி வழங்க ஆவன செய்யுமாறும், எடுத்த நடவடிக்கையை எனக்கு எழுத்து மூலம் தெரிவிக்குமாறும் பணிவுடன் வேண்டுகிறேன்."

இதன்கீழ் நான்கு வரிகளில் கணக்கு. ஒவ்வொரு வரியிலும், பில்லில் உள்ளது, கேஸ் ஷீட்டில் உள்ளது, வேறுபாடு, பக்கம் என்ற நான்கு கட்டங்கள். இணைத்தவை எல்லாம் நகல்கள். அசல் ஒன்றையும் அனுப்பவில்லை. அலுவலகத்தில் அசல் தவறிப் போனால் வழக்கே தவறிப் போகும். 'அசல் ஆவணங்களைத் தருவித்து' என்ற சொல் வேண்டுமென்றே எழுதியது. நம்மிடமுள்ள நகல் முழுமையானதென்று நாம் எவ்வாறு உறுதி கூற முடியும்?

அந்த எச்சரிக்கை வீண்போகவில்லை. 2024ஆம் ஆண்டு ஜனவரியில் இணை இயக்குநர் அலுவலகத்தில் விசாரணைக்கு அழைத்தார்கள். நோயாளியும் அவர் மனைவியும் நாமும் சென்றோம். மருத்துவமனையின் மேலாளர் அசல் கேஸ் ஷீட்டுடன் வந்திருந்தார். அதில் நம் நகலில் இல்லாத இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்றில் வேறொரு நிபுணர் இருமுறை பார்த்த குறிப்பு. மற்றொன்று அவசரப் பிரிவின் தாள், அதில் அந்த ஊசி மருந்து இரண்டு புட்டிகள் செலுத்திய குறிப்பு. இவ்விரண்டிலும் நாம் சொன்னது தவறு என்று ஒப்புக்கொண்டு, ரூ. 1,400ஐயும் ரூ. 640ஐயும் நம் கணக்கிலிருந்து அங்கேயே கழித்தோம். மேலாளர் சற்று வியப்படைந்தார். எஞ்சியது ரூ. 14,290. நாட்கணக்கைப் பற்றி அவர் 'கணினியில் அப்படித்தான் வரும்' என்றார். அதிகாரி கட்டணப் பலகையின் புகைப்படத்தை அவர் பக்கம் திருப்பி வைத்து, "உங்கள் பலகையில் வேறு மாதிரி எழுதியிருக்கிறதே?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பதில் இல்லை. மூன்று வாரத்தில் ரூ. 14,290 அவர் வங்கிக் கணக்கிற்கு வந்தது. தோடு மீண்டது, சங்கிலி இன்னும் மீளவில்லை.

உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். ரூ. 66,680இல் ரூ. 52,390 போயிற்றுத்தான். அதற்கு ஆதாரம் உண்டு. ஆகையால் அதற்குப் பரிகாரம் இல்லை. மேலும், இணை இயக்குநர் அலுவலகம் நீதிமன்றம் அன்று. அது விசாரிக்கலாம், ஆய்வு செய்யலாம், பதிவின் மீது நடவடிக்கை எடுக்கலாம். நட்ட ஈடு கொடு என்று தீர்ப்பளிப்பது அதன் வேலையன்று. இங்கே மருத்துவமனை தானாகவே பணத்தைத் திருப்பியது. திருப்பாமல் இருந்திருந்தால், மாவட்ட நுகர்வோர் ஆணையத்திற்குச் சென்றிருப்போம். கட்டணம் பெற்றுச் செய்யும் மருத்துவப் பணி நுகர்வோர் சட்டத்திற்கு உட்பட்டது என்று உச்சநீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்திருக்கிறது. நாம் செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்கு உட்பட்டதானால் அங்கு மனுக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் செல்ல வேண்டும். அங்கும் கேட்கப்போவது இதே இரண்டு தாள்களைத்தான். துறை பதிலே தராமல் இருந்தால், பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் 'என் மனு மீது எடுத்த நடவடிக்கை என்ன?' என்று கேட்கலாம். முப்பது நாளில் பதில் தர வேண்டும்.

இளைஞர்களுக்கு ஒரு பணி வைக்கிறோம். அடுத்த முறை நம் தெருவில் ஒருவரை மருத்துவமனையில் சேர்த்தால், கூட இருப்பவர் கையில் ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகத்தைக் கொடுங்கள். வந்த நேரம், மருத்துவர் வந்த நேரம், வாங்கி வந்த மருந்து, வார்டு மாற்றிய நேரம், கட்டிய பணம் ஆகியவற்றை எழுதச் சொல்லுங்கள். கட்டணப் பலகையைக் கைப்பேசியில் படம் எடுங்கள். பணம் கட்டும் முன் 'விவரப் பில் கொடுங்கள்' என்று கேளுங்கள். எழுதத் தெரியாத வீட்டுக்கு நம் கழக மாணவர் ஒருவர் மாலையில் சென்று எழுதிக் கொடுங்கள். நாம் இந்த ஒரு மனுவில் பட்ட பாட்டில் பாதி, அந்தக் குறிப்பு இல்லாததால் பட்டதே.

1891இல் அயோத்திதாசப் பண்டிதர் நீலகிரியில் மாநாடு கூட்டியபோது, நம் குறைகளைப் பத்துத் தீர்மானங்களாக வகுத்து நிறைவேற்றினார்கள். குறையை இனம் இனமாகப் பிரித்து எழுதும் முறை நம் முன்னோர் அறிந்ததே. நாமும் அவ்வாறே எழுதுவோம்.

இந்தச் செய்தியை இன்று பொதுவில் சொல்லலாமா என்று நேற்று அந்த அம்மையாரிடம் அனுமதி கேட்டோம். "சொல்லுங்க சார். பில்லக் கேக்கணும்னு எல்லாருக்கும் சொல்லுங்க" என்றார். சென்ற மாதம் தம் தங்கையின் பிரசவத்திற்குச் சென்றிருந்தபோது, பணம் கட்டும் சாளரத்தின் முன் நின்று அவரே விவரப் பில் கேட்டாராம். கொடுத்தார்களாம்.